நியூயார்க்கில் மணி ஒன்பது

2024இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கும் விடுமுறை கிடைத்ததால் எங்கள் அணியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டு நவம்பர் 4, திங்கள் மாலைதான் ஷிஃப்டுக்குத் திரும்பினார்கள். அதற்கு முந்தைய நாள், ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு, அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தியிருந்தார்கள். எங்களில் யாருக்கும் அது நினைவில் இல்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது நியூயார்க்கில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் இரவு வேலைகளை. அந்த நிறுவனத்தின் கடைகள் தினமும் காலையில், நியூயார்க் நேரம் ஏழரை முதல் எட்டே முக்கால் வரை, கையிருப்புக் கணக்கை ஒரு ஃபைலாக அனுப்பும். எல்லாம் வந்து சேர்ந்தபின் 9 மணிக்கு எங்கள் ஜாப் ஓடி, எந்தக் கடைக்கு எந்தச் சரக்கு எவ்வளவு போக வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிக்கும். கொள்முதல் பிரிவில் இருப்பவர் ஒன்பதே காலுக்கு வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் திறப்பார்.

சர்வர் இந்திய நேரத்தில் இருந்தது. அந்த ஜாப்பை ஒரு ஜூலை மாதத்தில் அமைத்தவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்: நியூயார்க் காலை 9 என்றால் இங்கே மாலை 6:30. அதனால் கிரானில் இப்படி எழுதினார்.

```
30 18 * * 1-5 /opt/jobs/report.sh
```

ஜூலைக்கு அது சரி. நவம்பர் 4 முதல் நம் மாலை 6:30 என்பது நியூயார்க்கில் காலை 8 மணி. பாதிக் கடைகளின் ஃபைல் வருவதற்கு முன்பே ஜாப் ஓடி முடிந்துவிட்டது. ஒரு கடையின் ஃபைல் வரவில்லை என்றால் அதன் முந்தைய நாள் கணக்கை எடுத்துக்கொள் என்று ஸ்கிரிப்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு கடையின் இணைப்பு அறுந்தால் மொத்தப் பட்டியலும் நிற்கக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்தது. அதனால் பட்டியல் முழுசாக வந்தது. எல்லாக் கடைகளின் பெயரும் இருந்தது. மானிட்டரில் பச்சை எரிந்தது. பாதிக் கடைகளுக்கு மட்டும் ஒரு நாள் பழைய கணக்கில் சரக்கு போய்க்கொண்டிருந்தது.

வியாழக்கிழமைதான் தெரிந்தது. செவ்வாயன்று தீர்ந்துபோன சரக்கு புதன்கிழமை பட்டியலில் ஏன் இல்லை என்று ஒரு கடையிலிருந்து கேள்வி வந்தது. என்னோடு ஷிஃப்டில் இருந்த தம்பி லாக்கைப் புரட்டிவிட்டுச் சொன்னான்: “அண்ணா, எல்லா நாளும் கரெக்டா 18:30க்குத்தான் ஓடியிருக்கு. ஒரு நிமிஷம்கூட மாறல.” அதுதான் பிரச்சினை என்று புரிய எங்களுக்கு இன்னும் அரை மணி நேரம் ஆனது. லாக்கில் இருந்தது இந்திய நேரம். அது மாறாமல் இருந்ததே தவறின் அடையாளம். ஃபைல்கள் வந்த நேரத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிச்சமானது: அக்டோபரில் கடைசி ஃபைல்கள் மாலை 6:15 வாக்கில் வந்திருந்தன, நவம்பர் 4இலிருந்து 7:15 வாக்கில்.

இந்தியக் கடிகாரம் அசைவதில்லை. உலகப் பொது நேரமான யூ.டி.சி.யைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் அப்படியே நிற்கிறது. ஆகவே கடிகாரம் நகரும் என்ற எண்ணமே நம் உடம்பில் இல்லை. நியூயார்க் குளிர்காலத்தில் யூ.டி.சி.க்கு ஐந்து மணி நேரம் பின்னால், கோடையில் நான்கு மணி நேரம் பின்னால். மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு முன்னே போகும், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வரும். 2007இலிருந்து இதுதான் அங்கே விதி. 2026இல் அந்த நாட்கள் மார்ச் 8, நவம்பர் 1.

இந்த இரண்டு மாற்றங்களும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. ஜாப்பைக் குளிர்காலத்தில் அமைத்திருந்தால், மார்ச்சில் அது ஒரு மணி நேரம் தாமதமாக ஓடும். ஒன்பதே காலுக்குப் பட்டியல் இல்லை என்றால் ஒன்பது இருபதுக்குத் தொலைபேசி அடிக்கும். கோடையில் அமைத்ததோ நவம்பரில் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். முந்தி ஓடுவதைப் பற்றி யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். சீக்கிரம் வந்த பட்டியலில் என்ன குறை என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால் நவம்பர் மாற்றத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நம் ஊரில் அது சில வருஷங்களில் தீபாவளியை ஒட்டி, ஆள் குறைவான வாரத்தில் வருவது இன்னொரு சிக்கல்.

யாருடைய ஒன்பது?

எங்கள் தவறு கிரான் வரியில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே, தேவையை எழுதிய டிக்கெட்டில் தொடங்கியது. அதில் “தினமும் மாலை 6:30 ஐ.எஸ்.டி.க்கு ஓட வேண்டும்” என்று இருந்தது. வாடிக்கையாளர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். அவர் 9 மணி என்றுதான் சொல்லியிருப்பார். நடுவில் யாரோ ஒருவர் அன்றைய தேதிக்குக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் எழுதிவிட்டுக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டார். அந்த விடை வருஷத்தில் ஏறக்குறைய எட்டு மாதத்துக்குத்தான் செல்லும்.

ஆகவே புதிதாக ஒரு ஜாப் கைக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது: இந்த நேரத்துக்காக யார் காத்திருக்கிறார்கள்? ஒரு ஊரில் ஒரு மனிதர் அலுவலகத்துக்கு வந்து உட்காருகிறார், ஒரு கடை திறக்கிறது, ஒரு வங்கி அன்றைய கணக்கை மூடுகிறது என்றால், அந்த ஊரின் கடிகாரம்தான் விதி. யாரும் காத்திருக்கவில்லை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பேக்அப் எடுக்க வேண்டும் அவ்வளவுதான் என்றால் யூ.டி.சி.யில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எல்லாவற்றையும் யூ.டி.சி.யில் வைத்தால் பிரச்சினையே வராது என்று ஒரு நம்பிக்கை நம் துறையில் உண்டு. நடந்து முடிந்ததைப் பதிவு செய்ய அது நல்ல வழி. நியூயார்க்கில் நாளைக் காலை ஒன்பது மணிக்கு நடக்க வேண்டியதற்கு அது எங்கள் 6:30 செய்த அதே தவறைத்தான் செய்யும்.

டிக்கெட்டில் இப்போது நாங்கள் இப்படி எழுதுகிறோம்: “நியூயார்க் உள்ளூர் நேரம் காலை 9:00, திங்கள் முதல் வெள்ளி, நேர மண்டலம் `America/New_York`. ஒன்பதுக்கு முன் ஓடக் கூடாது. 9:15க்குள் முடிய வேண்டும்.” கடைசி இரண்டு வாக்கியங்களும் முக்கியம். எந்தப் பக்கம் பிசகினால் என்ன கெடும் என்பது அவற்றில்தான் இருக்கிறது. அமைப்பவர் புதியவராக இருந்தாலும் புரிந்துகொள்வார்.

ஊரின் பெயரை அப்படியே முழுதாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேச்சில் எல்லாரும் “ஒன்பது மணி இ.எஸ்.டி.” என்பார்கள். நியூயார்க்காரர்களே கோடையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்கு `EST` என்றால் யூ.டி.சி.க்கு ஐந்து மணி நேரம் பின்னால், வருஷம் முழுக்க. யாராவது அந்த மூன்று எழுத்தை நம்பி அமைப்பில் போட்டால், கோடை முழுக்க ஜாப் நியூயார்க் காலை பத்து மணிக்கு ஓடும். நம் `IST`யும் அப்படித்தான். இஸ்ரேலுக்கும் அதே எழுத்துகள், அயர்லாந்துக்கும் அதே எழுத்துகள். `America/New_York`, `Asia/Kolkata` போன்ற பெயர்கள் உலகம் முழுக்கப் பல கணினிகள் பயன்படுத்தும் ஒரு பொது நேர மண்டலப் பட்டியலிலிருந்து வருபவை. அந்த ஊரில் எந்த நாளில் கடிகாரம் எவ்வளவு நகர்ந்தது, இனி எப்போது நகரும் என்ற விதி முழுவதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

நாட்டின் பெயரும் போதாது. அமெரிக்காவுக்குள்ளேயே அரிசோனாவின் பெரும்பகுதியும் ஹவாயும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஃபீனிக்ஸில் இருக்கும் கிடங்குக்கு ஜாப் என்றால் `America/Phoenix`. டென்வரின் நேரத்தைப் போட்டால் குளிர்காலத்தில் சரியாக இருக்கும், மார்ச்சில் மாட்டிக்கொள்ளும்.

கிரானுக்கு எப்படிச் சொல்வது

விதியை எழுதிவிட்டோம். அதை ஷெட்யூலர் புரிந்துகொள்ளுமா என்பது அடுத்த கேள்வி. இங்கே பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. கிரான் என்ற பெயரில் பல கிரான்கள் இருக்கின்றன.

ரெட் ஹாட் குடும்பத்து லினக்ஸில் வருவது `cronie`. அதற்கு நேர மண்டலம் சொல்லலாம்.

```
CRON_TZ=America/New_York
0 9 * * 1-5 root /opt/jobs/report.sh
```

இதைத் தனி ஃபைலாக `/etc/cron.d` கீழே வையுங்கள். ஏற்கெனவே பத்து ஜாப் இருக்கும் பட்டியலின் தலையில் முதல் வரியைச் சேர்த்தால், மற்ற ஜாப்களும் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்துவிடும்.

டெபியன், உபுண்டுவில் வழக்கமாக வரும் கிரானுக்கு இந்த வசதி கிடையாது. ஆனால் அந்த வரியைப் பார்த்து அது பிழை சொல்லாது. ஏதோ ஒரு மாறி என்று எடுத்துக்கொண்டு, ஜாப்பை சர்வரின் நேரம் ஒன்பதுக்கு ஓட்டிவிடும். பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறும்போது இந்த இடத்தில் சறுக்குவது எளிது: அங்கே வேலை செய்த அதே ஃபைல், இங்கே சத்தமில்லாமல் வேறு அர்த்தம் கொள்கிறது. `TZ=America/New_York` என்று எழுதினாலும் அங்கே ஸ்கிரிப்டுக்கு உள்ளே தெரியும் நேரம்தான் மாறும். ஸ்கிரிப்ட் எப்போது தொடங்கும் என்பது மாறாது.

அந்த லினக்ஸ்களில் நான் விரும்புவது சிஸ்டம்டி டைமர். எழுத இரண்டு ஃபைல் வேண்டும், அதனால் பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் நேர மண்டலம் அதே வரியில், கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

```
[Timer]
OnCalendar=Mon..Fri 09:00 America/New_York
Persistent=true
```

மூன்றாவது வரி, ஒன்பது மணிக்கு சர்வர் அணைந்திருந்தால், மறுபடி எழுந்ததும் விட்டுப்போன ஓட்டத்தை ஓட்டும். ஒன்பதுக்கு முன்னால் ஓடக் கூடாத எங்கள் ஜாப்புக்கு இது பொருந்தும். பிந்தி ஓடினால் பயனில்லாத ஜாப்புக்கு இதைப் போடாதீர்கள்.

குபர்னட்டீஸில் இருந்தால் கிரான்ஜாப்பின் `timeZone` என்ற இடத்தில் அதே பெயரைப் போடலாம், 1.27 பதிப்பிலிருந்து அது நிலையான வசதி.

சில இடங்களில் ஷெட்யூலர் யூ.டி.சி. மட்டுமே தெரிந்ததாக இருக்கும், மாற்ற நமக்கு அதிகாரம் இருக்காது. அங்கே ஒரு பழைய வழி உண்டு. நியூயார்க் ஒன்பது மணி என்பது யூ.டி.சி.யில் கோடையில் 13, குளிர்காலத்தில் 14. இரண்டு நேரத்துக்கும் ஜாப்பைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ஸ்கிரிப்டின் வாசலில் ஒரு காவல் வைக்க வேண்டும்.

```
[ "$(TZ=America/New_York date +%H)" = "09" ] || exit 0
```

நியூயார்க்கில் இப்போது ஒன்பது மணி இல்லையென்றால் திரும்பிப் போ என்பது இதன் பொருள். வேலை செய்யும். ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, இந்த வரியை ஸ்கிரிப்டுக்குள் எழுதுங்கள். கிரான் பட்டியலிலேயே எழுதினால் அங்கே `%` குறி வரி முடிவாக எடுத்துக்கொள்ளப்படும். `\%` என்று எழுத வேண்டும். அது மறந்துபோகும்.

இரண்டு, ஏதாவது கோளாறால் பதினொரு மணிக்கு யாராவது கையால் மறுபடி ஓட்டினால், காவல் அவரையும் திருப்பி அனுப்பிவிடும். பிழைச் செய்தி இல்லை. வெற்றி என்றே காட்டும். ஓட்டியவர் முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போவார். அதனால் காவலைத் தாண்டிப் போக ஒரு சொல் வேண்டும், எங்களுடையதில் `--force`. திருப்பி அனுப்பும்போதும் “ஒன்பது இல்லை, ஓடவில்லை” என்று லாக்கில் ஒரு வரி எழுத வேண்டும்.

மூன்றாவதுதான் மோசமானது. மண்டலத்தின் பெயரில் ஒரு எழுத்து பிசகினால் லினக்ஸ் பிழை சொல்வதில்லை. `America/NewYork` என்று கீழ்க்கோடு இல்லாமல் எழுதிப் பாருங்கள், அது யூ.டி.சி. நேரத்தைக் காட்டிவிட்டு அமைதியாக இருக்கும். பெயர் சரியாக இருந்தும், சிறியதாகக் கட்டிய கன்டெய்னரில் நேர மண்டலப் பட்டியலே இல்லாமல் போனால் அங்கேயும் இதே கதி. உங்கள் ஜாப் எந்த இடத்தில் ஓடுகிறதோ அங்கேயே உள்ளே போய் இதைத் தட்டுங்கள்.

```
TZ=America/New_York date +%z
```

`-0400` அல்லது `-0500` வர வேண்டும். `+0000` வந்தால் அந்த இயந்திரத்துக்கு நியூயார்க் தெரியாது.

கிழமையும் நள்ளிரவும்

நேரத்தைச் சரிசெய்யும் அவசரத்தில் கிழமையை விட்டுவிடுகிறோம். நியூயார்க்கில் வெள்ளி இரவு 9 மணிக்கு ஓட வேண்டிய ஜாப், கோடையில் இந்தியக் கடிகாரத்தில் சனி காலை 6:30. சர்வர் இந்திய நேரத்தில் இருந்து, கிரானில் `1-5` என்று இருந்தால், வெள்ளி இரவு ஓட்டம் நடக்கவே நடக்காது. பதிலுக்கு நியூயார்க்கின் ஞாயிறு இரவு ஒரு வெட்டி ஓட்டம் நடக்கும். மண்டலத்தை ஷெட்யூலரிடமே ஒப்படைத்தால் கிழமையும் அதோடு சேர்ந்து சரியாகிவிடும். கையால் கணக்குப் போட்டால் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும்.

வணிக நேரத்து ஜாப்கள் ஒரு ஆபத்திலிருந்து இயல்பாகவே தப்பிவிடுகின்றன. கடிகாரம் நகர்வது ஞாயிறு அதிகாலையில். மார்ச்சில் நியூயார்க்கில் 2:00 முதல் 2:59 வரை என்ற நேரமே இல்லை. நவம்பரில் 1:00 முதல் 1:59 வரை இரண்டு முறை வருகிறது. ஒன்பது மணி ஜாப்புக்கு அதனால் கவலை இல்லை. ஆனால் அதற்குத் தீனி போடும் ஜாப்கள் பல, தினமும் அதிகாலை ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் ஓடுபவை. இல்லாத நேரத்தில் ஒவ்வொரு ஷெட்யூலரும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது. டெபியன் கிரான், தவறிய ஜாப்பை மாற்றம் முடிந்ததும் ஓட்டிவிடும், திரும்பி வரும் மணியில் மறுபடி ஓட்டாது. அதுவும் குறிப்பிட்ட மணி சொன்ன ஜாப்களுக்கு மட்டும். வேறொன்று வேறு மாதிரி செய்யலாம். ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட அந்த ஜாப்பை மூன்றரை மணிக்கு நகர்த்திவிடுவது எளிது. நியூயார்க் நேரத்தில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் தினசரி ஜாப் எதையும் வைப்பதில்லை என்பது எங்கள் அணியின் வழக்கம்.

“கடந்த 24 மணி நேரம்” என்று தரவை எடுக்கும் ஜாப்களையும் பார்த்துவிடுங்கள். மார்ச் ஞாயிறுக்கு 23 மணி நேரம்தான், நவம்பர் ஞாயிறுக்கு 25. நேற்று என்பது நியூயார்க்கின் நேற்று நள்ளிரவிலிருந்து இன்று நள்ளிரவு வரை என்று எழுத வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்தைக் கழித்தால் நவம்பரில் ஒரு மணி நேர விற்பனை கணக்கிலேயே வராது; மார்ச்சில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும்.

இடையில் லண்டன்

ஒரு ஊரோடு முடிந்தால் இவ்வளவுதான். எங்களுக்கு அடுத்த ஆண்டு இன்னொரு ஃபைல் வந்து சேர்ந்தது: லண்டனிலிருந்து விலைப்பட்டியல், லண்டன் நேரம் பிற்பகல் 1:30க்கு. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி நேரம் வித்தியாசம், ஆக அது நியூயார்க்கில் காலை 8:30, நம் ஒன்பதுக்கு அரை மணி முன்னால் வந்துவிடும் என்று எல்லாரும் தலையாட்டினோம்.

லண்டன் கடிகாரமும் நகர்கிறது. ஆனால் அதே நாளில் இல்லை. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். 2026இல் மார்ச் 29, அக்டோபர் 25. நியூயார்க் மார்ச் 8இல் முன்னே போய்விடுவதால் மார்ச் 9 முதல் 27 வரை மூன்று வார வேலைநாட்களுக்கு வித்தியாசம் நான்கு மணி நேரம்தான். அக்டோபர் 26 முதல் 30 வரை ஒரு வாரமும் அப்படியே. இந்த நான்கு வாரங்களிலும் லண்டனின் 1:30 என்பது நியூயார்க்கின் 9:30. அவர்கள் சரியான நேரத்துக்குத்தான் அனுப்புகிறார்கள், நாம் சரியான நேரத்துக்குத்தான் ஓடுகிறோம், ஆனாலும் விலை அரை மணி நேரம் பிந்தி வருகிறது.

இதற்குக் கடிகாரத்தில் தீர்வு இல்லை. ஒன்பது மணி என்பது தொடங்கும் நேரம். ஃபைல் வந்துவிட்டதா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் பிரித்தோம். ஜாப் ஒன்பதுக்கு எழும். இன்றைய தேதியிட்ட விலைப்பட்டியலும் எல்லாக் கடைகளின் ஃபைலும் இருக்கிறதா என்று எண்ணும். இல்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும். 9:10 ஆகியும் எண்ணிக்கை தேறாவிட்டால் எந்தெந்தக் கடைக்குப் பழைய கணக்கு போகிறது என்று பட்டியலின் தலையிலேயே எழுதிவிட்டு ஓடும், கூடவே எங்களை அழைக்கும். அந்த நான்கு வாரங்களுக்கு மட்டும் லண்டன்காரர்கள் 12:30க்கு அனுப்ப முடியுமா என்று கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள். தேதிகளை முன்கூட்டியே கொடுத்துக் கேட்டதால்தான் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

2024 நவம்பரிலேயே அந்த எண்ணிக்கை இருந்திருந்தால், திங்கள் மாலையே மாட்டியிருக்கும்.

மாற்றம் வரும் முன்பே சோதிப்பது

நவம்பர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாற்றத்துக்கு முந்தைய வெள்ளியும் பிந்தைய திங்களும் இந்திய நேரத்தில் எப்போது என்று கேட்டுப் பார்க்கலாம்.

```
export TZ=Asia/Kolkata
date -d 'TZ="America/New_York" 2026-03-06 09:00' '+%a %H:%M'
date -d 'TZ="America/New_York" 2026-03-09 09:00' '+%a %H:%M'
```

முதலாவது `Fri 19:30`, இரண்டாவது `Mon 18:30` என்று வர வேண்டும். சிஸ்டம்டி டைமர் என்றால் அது அடுத்தடுத்து எப்போது எழும் என்பதை அதனிடமே கேட்கலாம்.

```
systemd-analyze calendar --iterations=5 "Mon..Fri 09:00 America/New_York"
```

இந்த விடைகள் அந்த இயந்திரத்தில் இருக்கும் நேர மண்டலப் பட்டியலின் வயதைப் பொறுத்தவை. அரசுகள் விதியை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இலங்கை 2006 ஏப்ரலில் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்கு நகர்த்தி நம் நேரத்துக்கு வந்தது. மெக்சிகோ 2022இல் நாட்டின் பெரும்பகுதியில் கோடைக்கால நேரத்தையே கைவிட்டது. லெபனானில் 2023 மார்ச்சில், கடைசி நேரத்தில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட நாட்களில் ஒரே ஊரில் இரண்டு நேரம் ஓடியது. பட்டியலின் பெயர் `tzdata`. வழக்கமான அப்டேட்டில் வந்துவிடும். ஆனால் ஜாவா தனக்கென்று ஒரு பிரதியை உள்ளே வைத்திருக்கிறது. இரண்டு வருஷமாகத் தொடாத கன்டெய்னர் இமேஜில் இரண்டு வருஷப் பழைய பட்டியல்தான் இருக்கும். சர்வரை அப்டேட் செய்தாயிற்று என்று அதை விட்டுவிடக் கூடாது.

லாக்கிலும் ஒரு மாற்றம் செய்தோம். ஒவ்வொரு ஓட்டத்தின் முதல் வரியிலும் யூ.டி.சி. நேரமும், பக்கத்திலேயே நியூயார்க் நேரமும், ஃபைல்களின் எண்ணிக்கையும். இந்திய நேரத்தை எடுத்துவிட்டோம். ஷிஃப்டில் இருப்பவருக்கு வேண்டுமானால் கைக்கடிகாரம் இருக்கிறது.

ஆட்களின் கடிகாரம்

ஜாப் தானாக நகர்ந்துவிட்டது. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் நகரவில்லையென்றால், நவம்பரில் நியூயார்க் கணக்கில் ஷிஃப்ட் ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். மார்ச்சில் ஜாப் ஓடும்போது பாதிப் பேர் வண்டியில் வந்துகொண்டிருப்பார்கள். ஷிஃப்டை ஒரு மணி நேரம் நகர்த்துவது என்றால் கேப் ரோஸ்டர், இரவுச் சாப்பாடு, பெண்களுக்கான பாதுகாப்பு ஏற்பாடு என்று பலர் கையில் இருக்கிறது. ஞாயிறு காலை மெயில் போட்டு ஆகாது. மூன்று வாரம் முன்பே, இரண்டு தேதிகளையும் எழுதி, எந்தத் திங்கள் முதல் எந்த நேரம் என்று போக்குவரத்துப் பிரிவிடம் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது என்று திட்டமிட வேண்டியவர்களுக்கு அந்த மூன்று வாரம் தேவை.

மீட்டிங்குகளில் ஒரு சின்ன விஷயம். வாடிக்கையாளரோடு தினசரிக் கூட்டத்தைச் சென்னையிலிருந்து ஒருவர் இந்திய நேரத்தில் போட்டால், மாற்றத்துக்குப் பிறகு நம் நேரம் அப்படியே இருக்கும், அவர்களுடையது ஒரு மணி நேரம் தாவும். அவர்கள் வேறொரு கூட்டத்தில் இருப்பார்கள். அழைப்பைத் திறந்து நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி வையுங்கள். அல்லது அங்கே இருப்பவரையே அனுப்பச் சொல்லுங்கள்.

மாற்றத்துக்கு அடுத்த திங்களில் எங்கள் அணியில் ஒருவர் பெயர் எழுதியிருக்கும். அவர் வேலை, ஒன்பது மணிக்கு முன்பிருந்தே உட்கார்ந்து மூன்றைப் பார்ப்பது: முதல் வரியில் நியூயார்க் நேரம் 09:00 என்று இருக்கிறதா, ஃபைல்களின் எண்ணிக்கை முந்தைய வெள்ளியோடு ஒத்துப்போகிறதா, கடைசியாக வந்த ஃபைலுக்கும் ஜாப் தொடங்கியதற்கும் இடையில் பத்துப் பதினைந்து நிமிடமாவது இருக்கிறதா. பச்சை விளக்கைப் பார்க்க அவரை உட்கார வைக்கவில்லை. 2025 நவம்பர் 3 அன்று அங்கே உட்கார்ந்தது, முந்தைய வருஷம் லாக்கைப் புரட்டிய அதே தம்பி. இரவு 7:31க்கு எனக்கு ஒரு வரி அனுப்பினான்: “09:00, எல்லாக் கடையும் வந்தாச்சு, கடைசி ஃபைல் 08:44.”